கால் வட்டத்துக்கு எத்தனை குண்டூசி?

80 கட்டம் தைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வளைந்த தையல் உண்டு. ஒரு வளைவுக்கு ஒன்பது குண்டூசி குத்துவதா, மூன்று போதுமா, ஒன்றுமே குத்தாமல் விரலால் பிடித்துத் தைத்துவிடலாமா? துணியில் கத்தரி வைக்கும் முன்பே இதை முடிவு செய்தாக வேண்டும். 80 கட்டத்துக்கு ஒன்பது என்றால் 720 தடவை குத்தி, 720 தடவை எடுக்க வேண்டும்.

சுங்கை சிப்புட்டில் எனக்குச் சேலை ஜாக்கெட் தைப்பதுதான் தொழில். ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது சொந்த ஆசை. இந்தப் போர்வை அக்கா மகளின் குழந்தைக்கு. ஆறு இஞ்ச் கட்டங்கள், வரிசைக்கு எட்டு, பத்து வரிசை. முடிந்தால் 48 இஞ்சுக்கு 60 இஞ்ச் வரும். ஒவ்வொரு கட்டமும் இரண்டே துண்டு: பூரியைக் காலாக வெட்டியது போல ஒரு கால் வட்டம், அது வந்து உட்கார மூலை குடைந்த ஒரு சட்டம். அமெரிக்கப் பெண்கள் இந்தக் கட்டத்துக்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘குடிகாரன் பாதை’. தோட்டத்துக் கள்ளுக்கடையால் எத்தனை வீடு அழுதது என்று அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். குழந்தையின் போர்வையை அந்தப் பெயரால் சொல்ல மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் இது கால் வட்டக் கட்டம்.

முதல் தடவை இந்த இரண்டு துண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்க்கிறவர்கள் ‘அளவு தப்பாக வெட்டிவிட்டோம்’ என்றுதான் நினைப்பார்கள். கால் வட்டத்தின் குவிந்த ஓரம் ஒரு பக்கம் வளைகிறது, சட்டத்தின் குழிந்த ஓரம் எதிர்ப்பக்கம் வளைகிறது, நீளமும் ஒத்துவரவில்லை. வெட்டியதில் தப்பில்லை. என் கட்டத்தில் தையல் விழுகிற கோடு நாலு இஞ்ச் ஆரம். தையலுக்குக் கால் இஞ்ச் விட்டால் குவிந்த ஓரம் நாலேகால் இஞ்ச் ஆரத்தில் வெட்டுப்படும், குழிந்த ஓரம் மூன்றேமுக்கால் இஞ்ச் ஆரத்தில் வெட்டுப்படும். வளைவை மட்டும் அளந்தால் முதலாவது ஏறக்குறைய 6.7 இஞ்ச், இரண்டாவது 5.9 இஞ்ச். வெட்டிய ஓரங்களுக்குள் முக்கால் இஞ்சுக்குச் சற்று மேலேயே வித்தியாசம் இருக்கிறது. ஆனால் தையல் கோடு இரண்டு துண்டிலும் ஒரே நீளம், 6.3 இஞ்ச். ஜாக்கெட்டுக்குக் கை கூட்டும்போது கையின் மேல் வளைவில் கொஞ்சம் துணி கூடவே இருக்கும், அதை உள்ளே அடக்கித் தைப்போம். இங்கே அடக்க வேண்டிய துணி எதுவும் இல்லை. கோட்டின் மேல் கோடு உட்கார்ந்தால் போதும்.

இன்னொன்றும் மனதில் நிற்க வேண்டும். அந்த முக்கால் இஞ்ச் வித்தியாசம் வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் மாறாது. ஆறு இஞ்ச் ஆரத்தில் குழிந்த ஓரம் ஒன்பது இஞ்ச் நீளம், அதில் முக்கால் இஞ்ச் விரிவது துணிக்குச் சுலபம். இரண்டு இஞ்ச் ஆரத்தில் அந்த ஓரம் இரண்டேமுக்கால் இஞ்ச்தான், அதே முக்கால் இஞ்சை அதற்குள் விரிக்க வேண்டும். சின்ன வளைவு கஷ்டம் என்று எல்லோரும் சொல்வதற்குக் காரணம் இதுதான். எத்தனை குண்டூசி என்ற கேள்விக்கும் எல்லா அளவுக்கும் பொருந்துகிற ஒரே பதில் இல்லாததும் இதனால்தான்.

குண்டூசியே இல்லாமல் தைப்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பார்த்தேன். முப்பது வருடமாகக் கால் மெஷின் மிதிப்பவர். “குத்தி எடுக்குற நேரத்துல ரெண்டு தச்சிடலாம்மா” என்பார். இரண்டு துண்டையும் பாதியாக மடித்து நடுவில் நகத்தால் கீறிக்கொள்கிறார். ஒரு முனையைச் சேர்த்து இரண்டு தையல் போட்டுவிட்டு, மேலே இருக்கும் சட்டத்தை வலது கையால் திருப்பித் திருப்பிக் கீழ் ஓரத்தோடு சேர்க்கிறார். முக்கால் இஞ்ச் தைப்பார், நிறுத்துவார், ஓரத்தைச் சேர்ப்பார், மறுபடி தைப்பார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவ்வளவு அழகு.

அதே வேலையை என் கை செய்தபோது முடிவில் சட்டத்தின் முனை கால் வட்டத்தைத் தாண்டி அரைக்கால் இஞ்ச் வெளியே நின்றது. மெஷினின் பல் கீழ்த் துணியை முன்னால் தள்ளுகிறது, மேல் துணியைப் பாதம் அழுத்திக் கொஞ்சம் பின்னால் வைக்கிறது. பிடிக்க எதுவும் இல்லாதபோது அந்த நழுவல் முழுவதும் கடைசி முனையில் வந்து சேர்கிறது. அக்கா இதற்கும் வழி வைத்திருக்கிறார். சட்டத்தை ஆறரை இஞ்ச் சதுரத்தில் வெட்டாமல் ஏழு இஞ்சில் வெட்டி, தைத்து முடித்ததும் அளவுகோல் வைத்து ஆறரைக்குக் கழித்துவிடுகிறார். துணி எவ்வளவு வீணாகும் என்று கணக்குப் போட்டேன். வெட்டக் கிடைக்கிற அகலம் 42 இஞ்ச் இருந்தால் இரண்டு அளவுக்கும் வரிசைக்கு ஆறு சதுரம்தான், 80 கட்டத்துக்கு 14 வரிசை. நீளத்தில் 91 இஞ்சுக்குப் பதில் 98. வெறும் ஏழு இஞ்ச் துணி. குண்டூசி குத்தினாலும் சரி, குத்தாவிட்டாலும் சரி, இதை எல்லோரும் செய்யலாம். அகலம் 42-க்கு ஒரு நூல் குறைந்தாலும் வரிசைக்கு ஐந்துதான் வரும். அதனால் வாங்கும் முன் கரையை விட்டு அளந்து பாருங்கள்.

ஒன்பது குண்டூசி குத்துவது என் பழைய வழக்கம். நிறையக் குத்தினால் துணி அசையாது என்று நம்பியிருந்தேன். இந்தத் தடவை சோதனைக்குத் தைத்த முதல் நாலு கட்டத்திலும் வளைவின் நடுவில் கால் வட்டம் சுருங்கியே நின்றது. துணி அசையவில்லை, சரிதான். தப்பான இடத்தில் அசையாமல் நின்றிருக்கிறது. டேப்பை எடுத்து இரண்டு ஓரத்திலும் முனையிலிருந்து ஒரு இஞ்ச், இரண்டு இஞ்ச் என்று குறி போட்டு, குறிக்குக் குறி சேர்த்துக் குத்தியிருந்தேன். ஓரங்களின் நீளமே வேறாக இருக்கும்போது டேப்பின் ஒரு இஞ்ச் இரண்டிலும் ஒரே இடத்தைக் காட்டாது. இரண்டு முனையிலிருந்தும் இரண்டிரண்டு இஞ்ச் போனால் நடுவில் குவிந்த ஓரத்துக்கு 2.7 இஞ்சும் குழிந்த ஓரத்துக்கு 1.9 இஞ்சும் மிஞ்சுகின்றன. வளைவு முழுவதும் பரவ வேண்டிய முக்கால் இஞ்சை நானே நடுவில் கொண்டுபோய்க் குவித்திருக்கிறேன்.

அதனால் வளைவில் டேப் வைக்கவே கூடாது, மடித்துத்தான் குறி போட வேண்டும். கால் வட்டத்தை முனையோடு முனை சேர்த்து மடித்தால் நடுக்குறி கிடைக்கும், இன்னொரு தரம் மடித்தால் கால் குறிகள் கிடைக்கும். சட்டத்தையும் அப்படியே மடிக்க வேண்டும். மடிப்பு வளைவைச் சமமாகப் பங்கு போடுகிறது. ஓரம் நீளமா குட்டையா என்பது அதற்குக் கணக்கில்லை. இப்படிக் குறி போட்டு ஒன்பது குத்தியபோது நாலு கட்டத்திலும் அந்த நடுச் சுருக்கம் இல்லை.

குத்துகிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். குண்டூசி ஓரத்துக்குக் குறுக்கே, தலை வெளியே தெரிகிற மாதிரி நிற்க வேண்டும். அது துணியைக் கவ்வுவது தையல் கோட்டில் இருக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. அதுவும் இரண்டு மூன்று இழைதான். அரை இஞ்ச் துணியை அள்ளிக் குத்தினால் அந்த இடம் மேடாக எழும்பும், பாதம் அதில் ஏறி இறங்கும்போது இரண்டு பக்கமும் குட்டி மடிப்பு விழும். ஒன்பது இடத்தில் மேடு என்றால் அதுவே தையலைக் கெடுத்துவிடும். மெல்லிய குண்டூசிதான் இதற்குச் சரி. மெஷின் ஊசி பக்கத்தில் வந்ததும் குண்டூசியை உருவிவிட வேண்டும். மேலே ஏறித் தைத்தால் ஊசி முனை உடையும், உடையாவிட்டாலும் கோடு அந்த இடத்தில் விலகும். நம் ஊர் ஈரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மழை நாளில் குத்திய துண்டுகளை இரவெல்லாம் அப்படியே விடாதீர்கள். வெள்ளைத் துணியில் துருப் புள்ளி விழுந்தால் துவைத்தாலும் எளிதில் போகாது. இருபது இருபதாகக் குத்தி அன்றன்றைக்கே தைத்துவிடுவதுதான் நல்லது.

அடுத்தது மூன்று குண்டூசி: நடுவில் ஒன்று, முனைக்கு ஒன்று. வளைவுத் தையல் சொல்லிக் கொடுப்பவர்கள் பலரும் இதைத்தான் முதலில் காட்டுகிறார்கள். நான் தைத்தபோது நடுவும் முனைகளும் துல்லியமாக வந்தன. கோளாறு வந்த இடம் முனைக்கு ஒரு இஞ்ச் முன்னால். அங்கே சட்டத்துத் துணி கொஞ்சம் மிஞ்சி, நெல் அளவு மடிப்பு ஒன்று தையலுக்குள் மாட்டியிருந்தது. நாலில் மூன்று கட்டத்தில், கிட்டத்தட்ட ஒரே இடத்தில்.

ஏன் அங்கே மட்டும்? விடை இழை போகிற திசையில் இருக்கிறது. சட்டத்தின் நேர் ஓரங்கள் இழையோடு போகின்றன. வளைவு தொடங்குகிற முனையிலும் ஓரம் இழையோடுதான் போகிறது, அங்கே துணி இழுபடாது. வளைவின் நடுவில் ஓரம் இழைக்குச் சாய்வாக, தையல்காரர்கள் சொல்கிற கிராஸில் இருக்கிறது. அங்கே தொட்டால் போதும், துணி நீளும். நடுக் குண்டூசியைத் தாண்டியதும் ஓரத்தைச் சேர்க்க நான் இழுக்கிற இழுப்பு எல்லாம் அந்தக் கிராஸ் பகுதியில் விழுகிறது. அது தன் பங்குக்கு மேல் நீண்டுவிடுகிறது. நீண்டதை வாங்கிக்கொள்ள முனைப் பக்கம் இடமில்லை, முனைக் குண்டூசிக்கு முன்னால் வந்து மடிந்துவிடுகிறது.

இது புரிந்த பிறகுதான் ஐந்து என்ற எண்ணுக்கு வந்தேன். நடுவில் ஒன்று, முனைக்கு ஒன்று, கால் குறிக்கு ஒன்று. நாலு இஞ்ச் ஆரத்தில் கால் குறி முனையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை இஞ்ச் தள்ளி விழுகிறது. கிராஸில் நீளுகிற துணி முனைக்கு ஓடிவராமல் அந்தக் குண்டூசி அங்கேயே தடுத்துவிடுகிறது. நடுப்பகுதிக்கு அதற்கு மேல் குண்டூசி தேவையில்லை. அங்கே துணி தானாகவே விரிந்து கொடுக்கும்.

விரியாமல் அடம் பிடிப்பது முனைப் பக்கம்தான். அதற்குக் கத்தரி வேண்டும். குழிந்த ஓரத்தில் மட்டும், முனைக்கும் கால் குறிக்கும் நடுவே, பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று கட் கொடுக்கிறேன். ஆழம் அரைக்கால் இஞ்ச், அதாவது விட்ட துணியில் பாதி. ஜாக்கெட் கழுத்தில் கொடுக்கிற அதே கட்தான். ஆனால் கழுத்தில் தைத்த பிறகு கொடுப்போம், இங்கே தைக்கும் முன்பே கொடுக்கிறோம். அதனால் கட் ஆழமாகிக் கோட்டைத் தொட்டுவிட்டால் தையலில் ஓட்டை விழும். நடுவில் கட் வேண்டாம். கிராஸில் இருக்கிற ஓரத்தை வெட்டினால் அது இன்னும் தளர்ந்து போகும்.

ஒரு கட்டத்தை எப்படிச் சேர்க்கிறேன் என்று பாருங்கள். கால் வட்டத்தை நல்ல பக்கம் மேலே தெரிய மேசையில் வைக்கிறேன். சட்டத்தின் நல்ல பக்கத்தை அதன் மேல் கவிழ்த்து நடுக்குறியைச் சேர்த்துக் குத்துகிறேன். இப்போது சட்டம் எதிர்ப்பக்கம் வளைந்து பறக்கப் பார்க்கும், பார்க்கட்டும். பிறகு இடது முனை. சட்டத்தின் நேர் ஓரமும் கால் வட்டத்தின் நேர் ஓரமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், மூலையோடு மூலை சரியாகப் பொருந்த வேண்டும். இங்கே ஒரு நூல் விலகினால் பக்கத்துக் கட்டத்தோடு வட்டம் சேராது. வலது முனையும் அப்படியே. கடைசியாகக் கால் குறிகள் இரண்டும். தைக்கும்போது சட்டம் மேலே, கால் வட்டம் கீழே. சட்டத்தைக் கீழே வைத்தால் கைக்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் மடிப்பு விழுவது சட்டத்தில், விழுவது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். தையல் நீளம் 2 மில்லிமீட்டர். மெதுவாக, நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள் இறங்கியிருக்க வேண்டும்.

துவைத்தால் போகிற பசையைப் புள்ளி புள்ளியாக வைத்து, அயர்ன் செய்து ஒட்டி, குண்டூசியே இல்லாமல் தைப்பவர்களும் உண்டு. இரண்டு கட்டம் செய்து பார்த்தேன், மடிப்பே இல்லாமல் வந்தன. ஆனால் பசை தையல் கோட்டுக்கு வெளியே மட்டும் விழ வேண்டும், உள்ளே போனால் திறந்து மடிக்க வராது. ஒவ்வொன்றுக்கும் அயர்ன் பக்கம் போய் வர வேண்டியிருக்கிறது. நாலைந்து கட்டத்துக்கு நல்ல வழி. 80-க்கு எனக்குப் பொறுமை இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் ஐந்து குண்டூசிக் கட்டங்கள் முழுத் திருப்தியாக இல்லை. மடிப்பு எதுவும் இல்லை, முனைகளும் சரியாக இருந்தன. ஆனால் மேசையில் விரித்தால் சட்டம் தையலை ஒட்டி அப்பளத்து ஓரம் மாதிரி நெளிந்தது. அயர்ன் போட்டால் அடங்கியது, ஆறியதும் திரும்ப எழுந்தது. குண்டூசியின் மேல் பழி போட்டு ஏழு குத்திப் பார்த்தேன். அதே நெளிவு.

கடைசியில் தையலைப் பிரித்து, விட்ட துணியை அளந்தேன். கால் இஞ்ச் இருக்க வேண்டிய இடத்தில் காலே அரைக்கால் இருந்தது. பாதத்தின் ஓரத்தை அளவாக வைத்துத் தைத்துப் பழகியவள், என் மெஷின் பாதம் கால் இஞ்சை விட அகலம் என்பதை நினைக்கவே இல்லை. நேர்த் தையலில் அரைக்கால் இஞ்ச் கூடினால் கட்டம் கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். வளைவில் அப்படி இல்லை. தையல் உள்ளே போகப் போகக் கால் வட்டத்தின் கோடு குட்டையாகிறது, சட்டத்தின் கோடு நீளமாகிறது. என் கட்டத்தில் ஒன்று 3⅞ இஞ்ச் ஆரம், மற்றது 4⅛ ஆகிவிட்டது. இரண்டு கோட்டுக்கும் கிட்டத்தட்ட 0.4 இஞ்ச் வித்தியாசம். அந்த மிஞ்சிய துணிதான் சட்டத்தில் நெளிந்தது. எத்தனை குண்டூசி குத்தினாலும் அதைப் பரப்பலாமே தவிரப் போக்க முடியாது.

நேர் எதிராகவும் நடக்கும். தையல் கால் இஞ்சுக்குக் குறைவாக ஓடினால் கால் வட்டத்தில் துணி மிஞ்சும். நடுவில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி மேடு எழும்பும், சட்டம் இழுத்துப் பிடித்த மாதிரி நிற்கும். இதைத் தெரிந்துகொண்டால் கட்டத்தைப் பார்த்ததுமே நோயைச் சொல்லிவிடலாம். சட்டம் நெளிந்தால் தையல் அகலம், கால் வட்டம் மேடிட்டால் தையல் குறுகல், ஒரே இடத்தில் மட்டும் நெல் மாதிரி மடிப்பு என்றால் குண்டூசியின் இடம் தப்பு. முதல் இரண்டுக்கும் அளவுகோலை எடுங்கள், மூன்றாவதற்கு மட்டும் குண்டூசியைப் பாருங்கள். நான் ஊசியிலிருந்து கால் இஞ்ச் அளந்து மெஷின் தட்டில் காகித டேப் ஒட்டினேன். அன்றிலிருந்து நெளிவு இல்லை.

துணியாலும் முடிவு கொஞ்சம் மாறும். என் பெட்டியில் இருந்தது பாதி பாத்தேக் துணி, பாதி ஈப்போ லிட்டில் இந்தியாவில் எடுத்த மெல்லிய காட்டன். பாத்தேக் நெருக்கமாக நெய்தது, அதிகம் இழுபடாது. அது சட்டமாக இருந்தால் மூன்று குண்டூசியே போதுமானதாக இருந்தது, ஆனால் முனைப்பக்கக் கட் கட்டாயம் வேண்டியிருந்தது. மெல்லிய காட்டன் சட்டமாக இருந்தால் கட் தேவைப்படவில்லை, குண்டூசி ஐந்துக்குக் குறையக் கூடாது. வெட்டும் முன் கஞ்சி தெளித்து அயர்ன் செய்தபோது அதுவும் பாத்தேக் மாதிரி அடங்கி நின்றது. இரண்டும் கலந்து வருகிற போர்வை என்பதால் எல்லாவற்றுக்கும் ஐந்து என்றே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்ணிக்கை மாற்றினால் கை குழம்பிவிடும்.

தைத்த மடிப்பை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் ஒத்துப்போகவில்லை. அவர் கால் வட்டத்தின் பக்கம் சாய்க்கிறார், வட்டம் எடுப்பாகத் தெரியும் என்று. நான் சட்டத்தின் பக்கம். கால் வட்டத்தின் பக்கம் சாய்த்தால் 6.7 இஞ்ச் ஓரம் 5.9 இஞ்ச் இடத்துக்குள் அடங்க வேண்டும், உள்ளே கொசுவம் விழுந்து தடிக்கும். சட்டத்தின் பக்கம் சாய்த்தால் குழிந்த ஓரம்தான் விரிய வேண்டும். நடுவில் கிராஸ் நீண்டு கொடுக்கிறது, முனைப்பக்கம் கொடுத்த கட் திறந்து கொடுக்கிறது. தடிப்பே இல்லை. அயர்னைத் தேய்க்காமல் எடுத்து எடுத்து வைத்து அழுத்த வேண்டும். தேய்த்தால் கிராஸ் இழுபட்டுச் சட்டம் கோணும்.

ஆக, இந்த நாலு இஞ்ச் வளைவுக்கு ஐந்து குண்டூசி, முனைப்பக்கம் கட், ஏழு இஞ்ச் சதுரம். ஆறு இஞ்ச் ஆரத்துக்கு மூன்று போதும். அக்காவின் கை இருந்தால் அதுவும் வேண்டாம். இரண்டு இஞ்ச் ஆரம் தைக்கிற நாளில் ஒன்பதுக்கே திரும்பிப் போவேன், மடித்துப் போட்ட குறியோடு. இதை எழுதுகிறபோது 52 கட்டம் முடிந்து, ஆறரை இஞ்சுக்குக் கழித்து, அலமாரியில் அடுக்கியிருக்கிறது. சோதனைக்குத் தைத்ததில் நெளிந்த கட்டங்களைப் பிரித்துவிட்டேன். கால் வட்டங்கள் நல்ல துணி, அடுத்த தலையணை உறைக்கு ஆகும்.